திரைக்கதையின் முதல் வரைவுக்குப் பிறகு எதை முதலில் திருத்துவது?

முதல் வரைவை எழுதி முடித்துவிட்டு வாசிக்கத் தருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "வசனம் எப்படி இருக்கு?" என்பதுதான். கேட்பதில் பிழையில்லை. வசனம் தாளில் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு அது மானப்பிரச்சினையும்கூட. யாழ்ப்பாணத்தில் நடக்கிற கதையில் ஆட்கள் சென்னைப் படத்தில் வருகிறவர்களைப் போலக் கதைத்தால் முதல் நிமிடத்திலேயே சனம் சிரித்துவிடும். ஆகவே திருத்த உட்காருகிறவர் முதலில் வசனத்தில்தான் கை வைக்கிறார். அதுதான் நான் பார்த்த அளவில் அதிகம் நேரத்தைத் தின்கிற வழி.

திருத்தத்தை நாலு சுற்றாகப் பிரிப்பது எல்லோரும் அறிந்த விஷயம்: கட்டமைப்பு, பாத்திரம், வசனம், மெருகு. கேள்வி, எந்த வரிசையில் என்பது. நடைமுறையில் நாலு வழிகள் இருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்திக்கொண்டு போவது ஒன்று. வசனத்தில் தொடங்குவது இரண்டாவது. பாத்திரத்தில் தொடங்குவது மூன்றாவது. கட்டமைப்பில் தொடங்கிப் படிப்படியாகச் சிறியவற்றுக்கு இறங்குவது நாலாவது. ஒவ்வொன்றிலும் என்ன இலாபம், என்ன நட்டம் என்பதை ஒரே கதையின்மேல் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அதற்காக ஒரு கற்பனைத் திரைக்கதையை எடுத்துக்கொள்வோம்.

கதை நடப்பது 2018இல், கைதடியில். பூமணிக்கு 52 வயது. கணவர் 2009இல் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். மகள் யாழினிக்கு 23 வயது; வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் கட்டுவதற்குக் கடைசி நாள் ஒன்றும் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து தம்பி குகன் விடுமுறைக்கு வருகிறான். பூமணியின் சீதனக் காணியை விற்றுப் பிள்ளையை அனுப்புவோம் என்கிறான். பூமணி தயங்குகிறாள், அழுகிறாள், கடைசியில் விற்கிறாள். முதல் வரைவில் 58 காட்சிகள். இடையிடையே கணவரை நினைக்கிற பின்னோக்குக் காட்சிகள். 22ஆவது காட்சியில் குசினிக்குள் அக்காவுக்கும் தம்பிக்கும் நாலு பக்க வாக்குவாதம். வாசிக்கிற எல்லோரும் புகழ்கிற காட்சி அதுதான். நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதுவது 41ஆவது காட்சியில், அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

எல்லாம் ஒன்றாக

இந்த வழியில் எழுத்தாளர் முதலாவது காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருக்கிற வசனம், செயல் விவரிப்பு, எழுத்துப்பிழை எல்லாவற்றையும் சரி செய்து அடுத்த காட்சிக்குப் போவார். இயல்பான வழிபோலத் தெரியும். ஆனால் 30ஆவது காட்சிக்கு வரும்போது ஏதோ ஒன்று இடிக்கும். அதைச் சரிசெய்ய ஏழாவது காட்சிக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அங்கிருந்து மறுபடியும் வரிசையாக வர மனம் சொல்லும். இப்படியே முதல் முப்பது பக்கங்கள் பலமுறை எழுதப்பட்டு மின்னும், கடைசி முப்பது பக்கங்கள் முதல் வரைவாகவே கிடக்கும். இது நடந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து, கடைசிக் கால்பகுதியில் எத்தனை வரி மாறியிருக்கிறது என்று பாருங்கள். முடிவுதான் பார்வையாளர் வீட்டுக்குக் கொண்டுபோகிற பகுதி. அது தொடப்படாமல் கிடந்தால் முன்னுக்கு எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

ஆனாலும் இந்த வழியைத் தள்ளிவிட மாட்டேன். எட்டு நிமிடக் குறும்படம், ஆறேழு காட்சி, ஒரே வீடு என்றால் முழுக் கதையும் ஒரே நேரத்தில் தலைக்குள் நிற்கும். அதற்கு நாலு தனிச் சுற்று தேவையே இல்லை.

வசனத்தில் தொடங்கினால்

பூமணியின் கதைக்கு வருவோம். எழுத்தாளர் 22ஆவது காட்சியை எடுத்துக் கூராக்குகிறார். குகனின் பேச்சில் அவன் ஊரை விட்டுப் போன காலத்துச் சொற்களும் நடுவில் ஆங்கிலமும் வருகின்றன. பூமணி பதில் சொல்லாமல் அரிசி களைகிறாள். "அக்கா, இன்னும் எத்தினை வருசத்துக்கு உப்பிடியே இருக்கப் போறியள்?" என்ற வரியில் காட்சி உயர்கிறது. உண்மையிலேயே நல்ல காட்சி.

இப்போது ஒரு கேள்வியைக் கேட்போம். இந்த விற்பனையைத் தடுப்பது எது? முதல் வரைவில் பூமணியின் தயக்கத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் கதை நடக்கும் 2018இல் நிஜத்தில் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவர் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அல்லது அவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2016இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறந்தவர் என்று சொல்லாமல், காணாமல் போனவர் என்று மட்டும் சொல்லுகிற சான்றிதழ் ஒன்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஊரில் காணி வாங்கி விற்ற எவருக்கும் நொத்தாரிசு கேட்கப்போகும் முதல் கேள்வி தெரியும். முதல் வரைவில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? முழுக் கதையும் அதன்மேல் திரும்புகிறது. காணியை விற்பதா வேண்டாமா என்பது பிரச்சினையே இல்லாமல் போய், கணவர் இறந்துவிட்டார் என்று ஒரு தாளில் ஒப்பம் வைப்பதா என்பது பிரச்சினையாகிறது. அவர் நினைவை ஏந்தி வந்த பின்னோக்குக் காட்சிகளுக்கு இனி வேலையில்லை. அவருடைய இல்லாமை ஒவ்வொரு அலுவலகத்திலும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இந்தப் புதிய கதையில் அக்காவும் தம்பியும் விற்பதில் ஒரே பக்கம். ஆகவே 22ஆவது காட்சியின் வாக்குவாதத்துக்கு இடமில்லை. நாலு பக்கமும் போகிறது.

நட்டம் அந்த நாலு பக்கத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கூராக்கிய காட்சியை வெட்ட எவருக்கும் மனம் வராது. வெட்டாமல் இருக்கக் காரணம் தேடுவோம். குகன் விற்பனையை எதிர்ப்பவனாக மாறட்டுமே என்போம், நொத்தாரிசின் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுவோமே என்போம். நல்ல வசனத்தைக் காப்பாற்றுவதற்காகக் கதை வளைகிறது. வசனத்தை முதலில் திருத்துவதில் இருக்கிற உண்மையான ஆபத்து இதுதான்.

இன்னொரு காரணம் எங்கள் பேச்சுக்கே உரியது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மற்றவரை எப்படி விளிக்கிறார் என்பதில் உறவு முழுவதும் இருக்கிறது. முதல் வரைவில் நொத்தாரிசு அறிமுகமில்லாத ஆள். "அம்மா, உங்கட அவர் ஒப்பம் வைக்கவேணும்" என்கிறார். பாத்திரத்தைத் திருத்துகிற சுற்றில், அவர் பூமணியோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்று முடிவாகிறது என்று வையுங்கள். அப்போது "பூமணி, நீர் யோசிச்சு வாரும்" என்று வரும். அவர் வருகிற எல்லாக் காட்சியிலும் வினைமுற்று, விளி, அவர் சொல்லாமல் விடுகிறவை எல்லாம் மாற வேண்டும். அந்த முடிவுக்கு முன்னால் அவருடைய வசனத்தில் செலவிட்ட நேரம் அப்படியே போயிற்று.

பாத்திரமா, கட்டமைப்பா?

வாக்குவாதம் உண்மையில் இந்த இரண்டுக்கும் இடையில்தான். பாத்திரத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் வலுவான நியாயம் இருக்கிறது. ஆள் யார் என்று தெரியாமல் அவள் என்ன செய்வாள் என்று எப்படி முடிவு செய்வது?

பூமணியோடு உட்கார்ந்து யோசித்தால் நல்ல விஷயங்கள் வெளிவரும். உதாரணத்துக்கு, கணவர் அங்கத்தவராக இருந்த கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயரில் இருக்கிற சந்தாவை அவள் ஒன்பது வருடமாகத் தவறாமல் கட்டி வருகிறாள் என்று கண்டுபிடிக்கிறோம். ஒருவருக்கும் சொல்லவில்லை, மகளுக்குக்கூட. அவள் காத்திருக்கிறாள் என்பதை ஒரு பற்றுச்சீட்டு சொல்லிவிடுகிறது, அழுகை தேவையில்லை. கட்டமைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படியொன்று கிடைக்காது.

ஆனால் இதிலே நின்றுவிட்டால் இன்னொரு பக்கம் சரிகிறது. பாத்திரத்தை அறிய அறிய அதைக் காட்டும் காட்சிகள் கூடும். பூமணி சந்தாக் கட்டுகிறாள், பூமணி கோயிலில் நிற்கிறாள், பூமணி பழைய சைக்கிளைத் துடைக்கிறாள். 58 காட்சி 70 ஆகும். ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கும், ஒன்றும் நகராது. திருத்தத்துக்குப் பிறகு பக்கம் கூடியும், யாராவது கதையைக் கேட்டால் நீங்கள் சொல்லுகிற சுருக்கம் முன்பிருந்ததே என்றால், இந்த நோய்தான்.

இரண்டில் எதில் தொடங்குவது என்பதை ஊகத்தில் முடிவு செய்யத் தேவையில்லை. கதையே சொல்லும். அதற்கு முதல் வரைவைத் தொடாமல், ஒரு காட்சிக்கு ஒரு அட்டை என்று எழுத வேண்டும். கொப்பித்தாளை நாலாக வெட்டினாலும் போதும். ஒவ்வொரு அட்டையிலும் மூன்று வரி: இந்தக் காட்சியில் யார் எதற்காக வருகிறார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது, அதை மாற்றியது யார். மூன்றாவது வரியைப் பலர் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமானது.

பூமணியின் 58 அட்டையை விரித்தால், 'என்ன மாறியது' என்ற வரி 21 அட்டையில் வெறுமையாக இருக்கிறது. அதில் பெரும்பாலானவை பின்னோக்குக் காட்சிகள். இது கட்டமைப்பு நோய். 'மாற்றியது யார்' என்ற வரியில் குகனின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பூமணியின் பெயர் நாலே நாலு அட்டையில். இது பாத்திர நோய். தலைமைப் பாத்திரத்துக்கு எல்லாம் நடக்கிறது, அவளால் எதுவும் நடக்கவில்லை. அட்டைகளை எப்படி அடுக்கினாலும் இது மாறாது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. 'என்ன மாறியது' என்ற வரி வெறுமையான அட்டைகள் அதிகமாகவும், தலைமைப் பாத்திரத்தின் பெயர் போதிய அளவும் இருந்தால் கட்டமைப்பில் தொடங்குங்கள். அது முடிந்த பிறகு பாத்திரத்துக்கு வரலாம். தலைமைப் பாத்திரத்தின் பெயர் அரிதாக இருந்தால், அல்லது அந்த இடத்தில் 'தற்செயல்' என்று எழுத வேண்டி வந்தால், முதலில் பாத்திரம். ஆனால் முழுச் சுற்று அல்ல. ஒரே ஒரு பக்கம். அவளுக்கு என்ன வேண்டும், அதற்காகக்கூட எதைச் செய்ய மாட்டாள், அதை ஏன் செய்ய மாட்டாள். பூமணிக்கு மகள் போக வேண்டும். ஆனால் கணவர் இறந்ததாக ஒப்பம் வைக்க மாட்டாள். ஏனென்றால் அவரைக் கடைசியாகக் கண்டபோது, "நான் வருமட்டும் இஞ்சையே நில்லும்" என்று அவர் சொன்னார். அவ்வளவு போதும். இந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு கட்டமைப்புக்குப் போகலாம். சந்தாவைப் பற்றிய நுணுக்கம் பிறகு வரும் சுற்றில் தானாகக் கிடைக்கும்.

நாலாவது வழி, நடைமுறையில்

கட்டமைப்புச் சுற்றில் திரைக்கதைக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். அட்டைகளோடு மட்டும் வேலை. இரண்டு அட்டைக்கு நடுவில் எந்தச் சொல் பொருந்துகிறது என்று பாருங்கள்: 'பிறகு', 'ஆகவே', 'ஆனால்'. 'பிறகு' மட்டுமே பொருந்துகிற இடங்கள் தளர்ந்த இடங்கள். குகன் வருகிறான், பிறகு கோயிலுக்குப் போகிறார்கள், பிறகு கடற்கரைக்குப் போகிறார்கள் என்று இருந்தால் அந்த மூன்றில் ஒன்று போதும். நொத்தாரிசின் காட்சியை 41இலிருந்து 13க்குக் கொண்டுவந்தால், அதற்குப் பிறகு எல்லாம் 'ஆகவே'யும் 'ஆனால்'உம் ஆகிறது. கணவரின் ஒப்பம் வேண்டும், ஆகவே கிராம சேவகரிடம் போகிறாள். அவர் இறப்புச் சான்றிதழ் எடுப்பது சுலபம் என்கிறார், ஆனால் அவள் மறுக்கிறாள். ஆகவே நீதிமன்ற வழி. ஆனால் கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு முன் அது முடியாது.

இடைவேளை எங்கே என்பதையும் இந்தச் சுற்றில்தான் முடிவு செய்ய வேண்டும். கொட்டகையில் போடுகிற எண்ணம் இருந்தால் நடுவில் ஒரு முறிவு வரப்போவது உறுதி. எழுதியவர் அதை வைக்காவிட்டால் கொட்டகைக்காரர் தனக்கு வசதியான இடத்தில் வைப்பார். பூமணியின் கதையில் அது, குகன் அக்காவுக்குத் தெரியாமல் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டான் என்று அவள் அறிகிற இடம். இந்தச் சுற்று முடியும்போது 58 காட்சியில் 19 போய், 8 புதிதாக வந்து, 47 நிற்கிறது.

சட்டம் சார்ந்த கதை என்றால் இந்தச் சுற்று முடிவதற்கு முன் ஒரு நொத்தாரிசிடம் அட்டைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். "அப்பிடி நடக்காது" என்று அவர் சொல்வது அட்டையில் இருக்கும்போது ஒரு தாள்; வசனம் எழுதிய பிறகு என்றால் இருபது பக்கம்.

பாத்திரச் சுற்றில் திரைக்கதையை ஒரு ஆளுக்கு ஒரு முறை என்று வாசிக்க வேண்டும். குகன் வருகிற காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள், மற்றதைத் தாண்டிப் போங்கள். அவன் கண்ணால் பார்த்தால் இது ஒரு முழுக் கதையா? அவன் செய்வதெல்லாம் அவனுக்குச் சரியாகப் படுகிறதா? விண்ணப்பம் போட்டது துரோகமாக மட்டும் தெரிந்தால் அவன் வில்லன் ஆகிவிடுவான். ஒன்பது வருடமாக மாதாமாதம் காசு அனுப்பியவன் அவன். அக்கா ஒரு இடத்தில் நின்றுவிட்டதைத் தூரத்திலிருந்து பார்த்தவனும் அவன்தான். அந்த நியாயம் அவன் செயலில் தெரிய வேண்டும். யாழினியையும் இப்படி வாசித்தால், முதல் வரைவில் அவள் ஒரு முடிவும் எடுக்கவில்லை என்பது வெளிக்கிறது. அவள் சந்தாப் பற்றுச்சீட்டைக் கண்டெடுக்கட்டும்; பார்த்ததை அம்மாவிடம் சொல்லாமல், படிப்புக்குப் போவதை ஒத்திவைக்கிறேன் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதட்டும்.

இங்கே கவனம் வேண்டும். யாழினி இப்போது எடுத்தது கதையைத் திருப்புகிற முடிவு. பாத்திரச் சுற்றில் இப்படி ஒரு முடிவு மாறினால், மேலே போகாமல் அட்டைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காட்சிக்குப் பின்னால் வரும் அட்டைகளை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். கடைசி நாள் என்ற நெருக்கடி இனி இல்லை, ஆகவே முடிவை எது தள்ளுகிறது? சுற்றுகள் ஒருவழிப் பாதை என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. கட்டமைப்புக்கும் பாத்திரத்துக்கும் இடையில் போய்வரலாம், போய்வர வேண்டும். வசனத்துக்குள் இறங்கிய பிறகு அங்கிருந்து திரும்புவதுதான் செலவு.

போய்வருகிற காலத்தில் நல்ல வசனம் தோன்றினால் என்ன செய்வது? தோன்றும், கட்டாயம் தோன்றும். அதை இழக்கவும் கூடாது, அதற்குள் விழவும் கூடாது. ஃபவுண்டன் என்ற குறியீட்டு முறையில் திரைக்கதையைச் சாதாரண உரைக்கோப்பாக எழுதுகிறவர்களுக்கு இது எளிது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதியது குறிப்பாக நிற்கும், அச்சில் வராது. சமக்குறியோடு தொடங்கும் வரி காட்சியின் சுருக்கம். அட்டையை அப்படியே அங்கே வைக்கலாம். வெட்டிய காட்சியை `/*` என்பதற்கும் `*/` என்பதற்கும் நடுவில் போட்டால் கோப்பிலேயே இருக்கும், ஆனால் திரைக்கதையில் இராது. 22ஆவது காட்சிக்கு நான் சொல்லுகிற இடம் அதுதான். அழிக்கவில்லை என்ற ஆறுதல் வெட்டுகிற கைக்குத் துணிவு தரும்.

தமிழில் எழுதும்போது இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஃபவுண்டன் கோப்பை வாசிக்கிற மென்பொருட்கள் காட்சித் தலைப்பை `INT.`, `EXT.` போன்ற ஆங்கிலச் சுருக்கங்களை வைத்தும், பேசுகிறவர் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்தும் கண்டுபிடிக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆகவே தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் பெயருக்கு முன் `@` குறியும் போட வேண்டும்.

```
.உள். நொத்தாரிசு அலுவலகம் - பகல்

= கணவரின் ஒப்பம் வேண்டும் என்று பூமணி அறிகிறாள்

[[இங்கே அவள் சந்தாவைப் பற்றிச் சொல்லக் கூடாது]]

@பூமணி
அவர் வரேக்க நான் என்னத்தைச் சொல்லுறது?
```

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சுற்றுக்கும் முன்னால் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். கடைசியில் மாற்றினால், மாற்றும்போது சிதறுகிற எழுத்துகளைத் தேடுவதற்கென்றே இன்னொரு முறை முழுவதும் வாசிக்க வேண்டிவரும்.

வசனச் சுற்று வரும்போது இனி ஆட்கள் யார், என்ன மறைக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். வேலை வேகமாக நடக்கும். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். பேசுவது யார் என்று தெரியாவிட்டால் அந்த வரி யாருக்கும் உரியதல்ல. குகனின் தமிழும் யாழினியின் தமிழும் ஒன்றாக இருக்க முடியாது. ஒருவன் முப்பது வருடத்துக்கு முந்திய ஊர்ப்பேச்சை அப்படியே வைத்திருக்கிறவன். மற்றவள் இந்தியத் தொலைக்காட்சியோடு வளர்ந்தவள். ஒவ்வொரு காட்சியிலும் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மூடிவிட்டுப் பாருங்கள். காட்சி இன்னும் விளங்கினால் அவை வேண்டாம். எங்களவர்களின் வசனத்தில் "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று தொடங்குவது பெரும்பாலும் இப்படிப் போகக்கூடியது. பிறகு நாலைந்து பேரைக் கூட்டிவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். வாசிக்கிறவர் தன்னையறியாமல் சொல்லை மாற்றிச் சொன்னால், பெரும்பாலும் அவர் சொன்னதே சரி.

நேரத்தையும் அந்த வாசிப்பில்தான் அளக்க முடியும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் எழுதும் ஆங்கிலத் திரைக்கதைக்கு ஏற்பட்டது. தமிழ் எழுத்து பிடிக்கிற இடம் வேறு. அந்தக் கணக்கு எங்களுக்கு உதவாது.

மெருகுச் சுற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது கடைசியில்தான் என்பதைத் தவிர. "பூமணி ஒன்பது வருடத் துயரத்தை எண்ணிப் பார்க்கிறாள்" என்று விவரிப்பில் இருந்தால் கமராவுக்கு அதில் எடுக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கள். ஒரே வீட்டை ஓரிடத்தில் 'பூமணி வீடு' என்றும் இன்னோரிடத்தில் 'கைதடி வீட்டு விறாந்தை' என்றும் எழுதியிருந்தால், படப்பிடிப்புக்கு இடம் பிரிக்கிறவர் இரண்டு இடமாகக் கணக்கெடுப்பார். வயதையும் ஆண்டையும் சரிபாருங்கள்: 2018இல் 23 வயதான யாழினிக்கு அப்பா போனபோது 14 வயது; "பத்து வயசில அப்பாவை இழந்த பிள்ளை" என்று யாராவது சொன்னால் அது பிழை.

இந்தச் சுற்று முடிந்து நடிகர்களுக்கும் குழுவுக்கும் பிரதி கொடுத்துக் காட்சி எண்களைப் பூட்டிய பிறகு, புதிதாக ஒரு காட்சி நுழைந்தால் அது 34அ என்று வரும். நீக்கிய காட்சியின் எண் வெறுமையாக அப்படியே நிற்கும். எண்களை மறுபடி வரிசையாக்கக் கூடாது. ஏனென்றால் எல்லோருடைய அட்டவணையும் பழைய எண்ணில் இருக்கும்.

நேரம் இல்லை, படப்பிடிப்பு நெருங்கிவிட்டது என்றால் எதை விடுவது? முதலில் மெருகை விடலாம். உங்கள் குழு நீங்கள் எழுதியதைப் புரிந்துகொள்ளும். அதுவும் போதாவிட்டால் வசனச் சுற்றைச் சுருக்கி, ஒத்திகையில் நடிகர்களோடு சேர்ந்து முடிக்கலாம். இங்கே நடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குள்ளேயே வாழ்கிறவர்கள். பாத்திரம் தெளிவாக இருந்தால் சொற்கள் அவர்களிடமிருந்து வரும். ஆனால் நொத்தாரிசின் காட்சி 41இல் இருக்க வேண்டுமா 13இல் இருக்க வேண்டுமா என்பதை ஒத்திகையில் ஒருவரும் கண்டுபிடித்துத் தர மாட்டார்கள். படத்தொகுப்பில் காட்சியை முன்னுக்கு இழுக்கலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆனால் அங்கே இழுப்பதற்குக் கையில் இருக்கப்போவது பழைய கதைக்கு எடுத்த அரைப் பக்கக் காட்சி மட்டும்தான். அதற்குப் பிறகு வரவேண்டிய எட்டுக் காட்சிகள் எடுக்கப்பட்டே இராது.